மாடு போச்சு, நிழல் நிக்குது, என் 7,500 ரூபாயும் போச்சு

ரோட்டுப் படத்திலிருந்து மாடுகளை அழித்துத் தரச் சொல்லி வெளியே கொடுத்து நான் ஏமாந்த கதை இது. இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயந்திரம்தான் அந்த பிரிண்ட்டைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தோம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வேலைதான் பெரும்பாலும். திருப்பாப்புலியூர் பக்கம் ஒரு லாட்ஜ்காரர், பழைய பழக்கம், ரிசப்ஷனைப் புதுப்பித்துவிட்டு, "தம்பி, நம்ம வாசல் ரோடு அப்படியே சுவர் முழுக்க வரணும், 12 அடி அகலம், 8 அடி உயரம்" என்றார். காலை ஏழரை மணிக்கு அவருடைய மாடியில் நின்று எடுத்தேன். பஸ், ஷேர் ஆட்டோ, பூக்கடை, சாய்வான வெயில், எல்லாம் அருமையாக வந்தது. கூடவே மூன்று மாடு, இரண்டு நாய். பால் கறந்து அவிழ்த்துவிட்ட நேரம், வேறென்ன வரும். ஒரு செவலை மாடு நடுக்கோட்டின் மேலேயே படுத்து அசை போடுகிறது. "மாடு மட்டும் வேணாம் தம்பி" என்றார் லாட்ஜ்காரர். கடலூர் ரோட்டில் மாடே இல்லையென்றால் பார்க்கிறவன் ஊரையே நம்பமாட்டான் என்று என் மனைவி சொன்னாள். அப்போதே கேட்டிருக்கலாம்.

படத்திலிருந்து மாட்டை அழிக்கும் வேலை எனக்குத் தெரியாது என்றில்லை. ஆவணி முகூர்த்தம், மூன்று ஆல்பம் கையில் நிற்கிறது, அதனால் வெளியே கொடுத்தேன். டிசைன் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி. நாம் கட்டும் பணத்தை அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்து நாம் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய பிறகுதான் செய்தவருக்குக் கொடுப்பார்கள். பாதுகாப்பான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து மிருகங்களையும் எடுத்து, தார், கோடு எல்லாம் திரும்பக் கட்டித் தர 7,500 ரூபாய் பேசினோம்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். செயலியில் கிடைத்த டிசைனர் முதல் நாளே ஒரு நாயைப் படத்திலிருந்து எடுத்துக் காட்டினார். கடை நிழலில் சுருண்டு படுத்திருந்த நாய், சுற்றிலும் வெறும் தார், கோடு கிடையாது, நாய்க்குத் தனி நிழலும் கிடையாது. சுத்தமாக எடுத்திருந்தார், பெரிதாக்கிப் பார்த்தும் தடம் தெரியவில்லை. "அண்ணா, மீதி நாலும் இதே குவாலிட்டிதான், ரெண்டு நாள் குடுங்க" என்றார். இருக்கிற ஐந்தில் சுலபமானது அந்த நாய்தான், அதை எடுத்துக் காட்ட இரண்டு நிமிடம் போதும். இருபது வருடமாகக் கேமரா பிடிக்கிறவனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

புதன்கிழமை ராத்திரி மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஃபைல் வந்துவிட்டது என்று மெசேஜ். செயலி காட்டுகிற சின்னப் படத்தை ஃபோனிலேயே பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குப் பளிச்சென்று காலி ரோடு. "அண்ணா ஓகே போட்டீங்கன்னா எனக்கு இன்னைக்கே பேமெண்ட் வந்துடும், வீட்ல கொஞ்சம் கஷ்டம்" என்றார். பாவம் என்று அழுத்திவிட்டேன். 7,500 அந்த நொடியில் போய்விட்டது. வியாழக்கிழமை ஃபைலை ஸ்டூடியோவில் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே பிரிண்ட்டுக்கு அனுப்பினேன், அது முழுக்க என் முட்டாள்தனம், அதற்கு வினைலும் லேமினேஷனுமாக 4,800 தனி.

சுவரில் ஒட்டிய ஐந்தாவது நிமிடம் லாட்ஜ்காரரின் பேரன், ஆறாவது படிக்கிறான், "தாத்தா, இங்க மாட்டு நிழல் இருக்கு, மாடு எங்க?" என்றான்.

நின்று பார்த்தேன். நின்றிருந்த மாட்டை எடுத்தவர் காலைவெயிலில் அது தரையில் நீளமாகப் போட்ட நிழலின் பாதியை அப்படியே விட்டிருக்கிறார், கொம்பு உட்பட. மூன்றாவது மாடு ஒரு ஷேர் ஆட்டோவின் முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றது, மாட்டோடு சேர்த்து அரைச் சக்கரமும் போயிருந்தது. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது நடுக்கோட்டில்தான். படுத்திருந்த செவலை மாடு விட்டுவிட்டுப் போடும் வெள்ளைக் கோட்டில் இரண்டு துண்டையும் நடுவிலுள்ள இடைவெளியையும் மறைத்திருந்தது. ரோட்டில் போடும்போது அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே நீளம்தான், அதனால் படத்தில் தூரம் போகப் போக ஒரே சீராகக் குட்டையாகவும் ஒல்லியாகவும் ஆகவேண்டும். இவர் முன்னால் கிடந்த பெரிய துண்டை எடுத்து அதே அளவில் அங்கே ஒட்டியிருக்கிறார். தூரத்துத் துண்டு பக்கத்துத் துண்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது, ரோடு நடுவில் மேடு தட்டியது போல. அதுவும் சுத்த வெள்ளையில். சுற்றியுள்ள கோடெல்லாம் டயர் தேய்த்து, பழுப்பேறி, ஓரம் பிய்ந்து கிடக்கிறது, இது மட்டும் நேற்று அடித்த சுண்ணாம்பு மாதிரி.

தாரும் அப்படியே. கேமராவுக்குப் பக்கத்தில் ஜல்லி தனித்தனியாகத் தெரியும், தூரத்தில் அது வெறும் சாம்பல் பொடியாகிவிடும். பக்கத்து ஜல்லியைக் கொண்டுபோய்த் தூரத்தில் பூசினால் நடு ரோட்டில் சரளைக் குவியல் கொட்டியது போல இருக்கும், இருந்தது. ஒரே கறுப்புத் திட்டு நான்கு இடத்தில் வேறு. படம் 6,000 பிக்சல் அகலம், 12 அடி என்றால் 144 அங்குலம், அங்குலத்துக்கு 42 பிக்சல்கூட வராது. ஃபோனில் கண்ணுக்கே தெரியாத 100 பிக்சல் தீற்றல் சுவரில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வந்து நிற்கிறது. மாடு படுத்திருந்த இடம் ஒன்றரை அடி.

வீட்டுக்கு வந்து இன்னொன்றும் சோதித்தேன். ஃபோட்டோஷாப்பில் என் ஒரிஜினலை அடியில் வைத்து, அவர் கொடுத்ததை மேலே வைத்து, பிளெண்ட் மோடை `Difference` என்று மாற்றினேன். கை வைத்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்து, மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கவேண்டும். ஜேபெக் திரும்ப சேவ் ஆனதால் லேசான புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. இங்கே பூக்கடைப் போர்டு, பஸ் ஜன்னல், கரண்ட் கம்பி என்று படத்தின் எல்லா விளிம்பும் கோடு கோடாக மின்னியது. அதாவது சின்ன அளவில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் 6,000 பிக்சலுக்கு இழுத்துக் கொடுத்திருக்கிறார். பிக்சல் எண்ணிக்கை சரி, உள்ளே விவரம் இல்லை.

கேட்டேன். "பிரிண்ட்ல தெரியாதுண்ணா" என்றார். பிரிண்ட்டையே ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "அவ்ளோ கிட்ட போய் யாருண்ணா பாப்பாங்க?" ரிசப்ஷன் சுவரய்யா அது, சாவி வாங்க நிற்கிறவன் மூன்றடியில் நிற்பான். அப்புறம் "நீங்கதான ஓகே குடுத்தீங்க" என்றார். அதோடு நீல டிக் வருவதும் நின்றுவிட்டது. செயலியின் உதவிப் பிரிவுக்கு நான்கு தடவை படத்தோடு எழுதினேன், நான்கு தடவையும் ஒரே பதில், 'தாங்கள் டெலிவரியை ஏற்றுக்கொண்டதால் இக்கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது'. நிழல் இருக்கிறது ஐயா, மாடு இல்லை என்று ஐந்தாவது தடவை எழுதினேன். அதற்கு ஐந்து ஸ்டார் கேட்டு ஒரு மெசேஜ் வந்தது. 7,500 ரூபாய்க்கு!

நேற்று ராத்திரி ஆல்பத்தை ஓரம் வைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். செவலை மாடு ஒன்றுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. புது லேயர் போட்டு, `Filter > Vanishing Point` திறந்து, ரோட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டு நான்கு மூலை வைத்தால் தரைக்கு ஒரு வலை விரியும். வலை நீலமாக இருந்தால் கணக்கு சரி, மஞ்சளோ சிவப்போ என்றால் மூலையை நகர்த்தவேண்டும். அந்த வலைக்குள் பக்கத்துக் கோட்டுத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து `Alt` அழுத்தி இழுத்தால் தூரம் போகப் போகத் தானே சுருங்குகிறது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது எங்கே தொடங்கவேண்டும் என்பதையும் வலையில் எண்ணி வைக்கலாம். தாருக்கும் அதே வலைக்குள் ஸ்டாம்ப், அதாவது ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் பூசும் கருவி. எப்போதும் பக்கத்திலிருந்து தூரத்துக்குத்தான் எடுக்கவேண்டும், தூரத்துத் தாரை முன்னால் இழுத்தால் மங்கிவிடும். ரோடு ஓடுகிற திசையிலேயே எடுக்கவேண்டும். டயர் ஓடிய தடமும் எண்ணெய் சொட்டிய கறுப்புப் பட்டையும் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே எடுத்தால் அந்தப் பட்டை அறுந்துபோகும். கடைசியில் புதுக் கோட்டின் மேல் மாஸ்க் போட்டு அங்கங்கே பிய்த்துவிட்டேன். நிழலை மாட்டோடு சேர்த்தே எடுத்தேன், வேறெப்படி. ஆட்டோ சக்கரம் மட்டும் வரவில்லை, மறைந்த சக்கரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? கடைசியில் இன்று காலை அதே ஏழரைக்கு அதே மாடியில் ஏறி நின்று, இன்னொரு ஷேர் ஆட்டோ அதே இடத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுத்து வந்தேன். முதல் நாளே ஸ்டாண்ட் போட்டு, எக்ஸ்போஷரைப் பூட்டி, பத்து நிமிட இடைவெளியில் நாலு படம் எடுத்து வைத்திருந்தால் நின்ற மாடுகள் நகர்ந்திருக்கும், அடியிலுள்ள நிஜத் தாரும் சக்கரமும் கிடைத்திருக்கும், 7,500-க்கு வேலையே இல்லை. படுத்த மாடு நகராது, அது வேறு கதை.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று பெரிய பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன், லாட்ஜ்காரர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பிள் கேட்டால் கோட்டின் மேல் இருக்கிற மாட்டைக் கேளுங்கள், அவர் தேர்ந்தெடுக்கிற நாயை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜேபெக் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள், லேயர் பிரிந்திருக்கும் ஃபோட்டோஷாப் ஃபைலை, PSD-யை, கேளுங்கள். ஃபோனில் பார்த்து 'ஏற்கிறேன்' அழுத்தாதீர்கள், மண்டபத்தில் நின்றுகொண்டு அழுத்தவே அழுத்தாதீர்கள். பெரிய பிரிண்ட் என்றால் முதலில் கோடு வரும் இடத்தை மட்டும் இரண்டடிக்கு எடுத்துப் பாருங்கள்.

அவர் மறுபடி கூப்பிடுகிறார். புது பிரிண்ட்டுக்கு இன்னொரு 4,800 நான்தான் கட்டவேண்டும்.