கையளவு கார்டா, ஏ6 அட்டையா? கருத்தரங்குப் பெயரட்டைக்கு எது பொருந்தும்

முந்நூறு பேர் கூடும் ஒருநாள் கருத்தரங்குக்குப் பெயரட்டை செய்யக் கேட்டால், அச்சகத்தில் பெரும்பாலும் இரண்டு மாதிரிகளைத்தான் எடுத்து வைப்பார்கள். ஒன்று ஏடிஎம் கார்டு அளவுள்ள, 86 × 54 மி.மீ. பிளாஸ்டிக் அட்டை, நடுவில் ஒற்றைக் கொக்கி. மற்றது 105 × 148 மி.மீ. ஏ6 தடித்தாள், நிமிர்ந்த வாக்கில். மேல் மூலைகள் இரண்டிலும் துளை, இரண்டு கொக்கி. முதலாவது கையில் எடுத்தால் அழகாக இருக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முதலில் பெயர். பெயரட்டையின் வேலையே எதிரில் நிற்பவர் நம் பெயரைச் சங்கடமில்லாமல் படிப்பதுதான். தமிழ்ப் பெயர்கள் அகலம் கேட்பவை. ‘முத்துலட்சுமி’ என்ற பெயரைச் சிறிய கார்டில் க்யூஆர் கோடுக்குப் பக்கத்தில் வைத்தால், மிஞ்சும் ஐந்து செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 24 பாயின்ட் எழுத்துதான் அடங்கும். ஏ6 அட்டையில் அதே பெயரை 40 பாயின்ட்டில் ஒரே வரியில் வைக்கலாம். அதன் கீழே ஊரோ நிறுவனமோ பாதி அளவில் வந்தால் போதும். நிகழ்ச்சியின் பெயரும் சின்னமும் மேலே சிறிதாக நிற்கட்டும். வந்திருப்பவர்களுக்கு எங்கே வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

இங்கே நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. பல மென்பொருள் வார்ப்புருக்கள் ‘முதல் பெயர்’ என்ற கட்டத்தில் உள்ளதைப் பெரிதாக அச்சிடும். நம்மவர்கள் அந்தக் கட்டத்தில் தலைப்பெழுத்தை நிரப்பியிருப்பார்கள். ஒருமுறை நான் பிழை பார்க்காமல் அனுப்பிய கோப்பில், ஒரு பேராசிரியையின் அட்டையில் ‘எஸ்.’ மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. முத்துலட்சுமி என்பது கீழே பொடி எழுத்தில் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்துத் தம் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து, அட்டையில் வரவேண்டிய பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்டு வாங்குகிறேன்.

அடுத்தது நாடா. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் அட்டை நடக்க நடக்கச் சுழலும்; பாதி நேரம் வெற்று முதுகைத்தான் காட்டும். கார்டையே எடுப்பதானால் இருபுறமும் பெயரை அச்சிடுங்கள். இரண்டு மூலையில் பிடித்த அட்டை திரும்பாது. நீளத்தையும் பாருங்கள்: கடையில் கிடைக்கும் வழக்கமான நாடா சுமார் 45 செ.மீ. கீழே இறங்கும். நிற்கும்போது வயிற்றருகே தொங்கும் அட்டை, உட்கார்ந்தால் மேசைக்குக் கீழே போய்விடும். சுமார் பத்து செ.மீ. குறைத்தால் நெஞ்சருகே நிற்கும்.

க்யூஆர் கோடு எத்தனை மி.மீ. இருக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. முழுத் தொடர்பு விவரத்தையும் தமிழிலேயே அடைத்தால், யூனிகோடில் (யுடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும். முத்துலட்சுமி என்ற பெயருக்கே 39 பைட். பெயர், நிறுவனம், எண், மின்னஞ்சல் சேர்ந்து 240 பைட் ஆனால், கொஞ்சம் அழிந்தாலும் படிக்க உதவும் பிழைதிருத்தத்தை நடுத்தர நிலையில் வைத்தால், கோடு 61 × 61 சிறு சதுரக் கட்டமாகிவிடும். சுற்றிலும் விடவேண்டிய நான்கு கட்ட வெள்ளை ஓரத்தையும் சேர்த்து 25 மி.மீ.க்குள் அடக்கினால் ஒரு கட்டம் 0.36 மி.மீ. வெளிச்சம் குறைந்த அரங்கில், பழைய போன் இதில் திணறும்.

அதற்குப் பதிலாக `MDU217` போன்ற பதிவு எண்ணை மட்டும் வைத்தால் கோடு 21 × 21 கட்டத்தோடு முடியும்; அதே 25 மி.மீ.யில் ஒரு கட்டம் 0.86 மி.மீ. ஆகிவிடும். வாசலில் அட்டையைத் தொடாமலே ஸ்கேன் செய்யலாம். கழுத்தில் தொங்கும் போன் எண்ணை யாரும் படமெடுத்துக்கொண்டு போகவும் முடியாது. குறை ஒன்று உண்டு: அந்த எண் உங்கள் பதிவு மென்பொருளுக்கு மட்டுமே புரியும். பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் தொடர்பு பகிரவேண்டுமானால் சுருக்கமான இணைய முகவரி வையுங்கள். அது பெரும்பாலும் 29 கட்டத்துக்குள் அடங்கும். அப்போது அளவை 30 மி.மீ. ஆக்கிவிடுங்கள்.

ஸ்கேன் செய்வது ஒரு சாண் தூரத்திலிருந்து என்றால் 25 மி.மீ. போதும். ஏ6 அட்டையில் கோடு கீழ்ப்பாதியில், ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். விளிம்பை ஒட்டி வைத்தால், தாள் சுருளும்போது கோடும் சேர்ந்து வளையும்.

கார்டு வெல்லும் இடமும் இருக்கிறது. பல நாள் கதவு திறக்கவேண்டிய ஊழியர்களுக்கு, மழையில் நிற்கும் தொண்டர்களுக்கு அதுதான் தாங்கும். எதை எடுத்தாலும், முந்நூறும் அச்சாவதற்கு முன் ஒன்றை மட்டும் அடித்து வாங்குங்கள். மிக நீளமான பெயருள்ளவரின் அட்டையாக அது இருக்கட்டும். பளபளக்கும் உறையில் போட்டு, அரங்கின் விளக்குக்கு நேர் கீழே ஒருவர் கழுத்தில் மாட்டி, இருப்பதிலேயே பழைய போனால் ஸ்கேன் செய்து பாருங்கள். உறையில் விளக்கு பிரதிபலித்துக் கோடு ஸ்கேன் ஆகவில்லை என்றால் உறையை எடுத்துவிடுங்கள். ஒருநாள் நிகழ்ச்சிக்குத் தடித்தாளே தாங்கும்.