உயில்ல பேர் இருக்கிறவர் முன்னாடியே போயிட்டா: பிறகு மாத்தி எழுதறதா, முதல்லயே மாற்று ஆள் பேரை எழுதறதா?

போன வருஷம் அம்மாவோட உயிலை எழுத உக்காந்தப்போ இந்த ரெண்டு வழியில எதுன்னு எங்க வீட்ல நாலஞ்சு நாள் பேச்சு ஓடுச்சு. கடைசியில ரெண்டாவது வழியில போனோம், அதுதான் சரின்னு இப்பவும் நினைக்கிறேன், அதனால கீழ அதுக்குத்தான் அதிகம் எழுதியிருக்கேன். நான் சொல்றதெல்லாம் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை வச்சு, எங்கள மாதிரி இந்துக் குடும்பம் எழுதற உயிலுக்கு.

இதுல நாங்க இவ்வளவு மெனக்கெட்டதுக்கு காரணம் பெரியப்பாவோட உயில். 12 சென்ட் மனை ஒண்ண அவரோட தங்கச்சிக்கு, அதாவது எங்க அத்தைக்கு எழுதி வச்சிருந்தார், அத்தைதான் அவர் படிக்கிற காலத்துல வேலைக்குப் போய் வீட்டப் பாத்துக்கிட்டவங்க. 2019ல அத்தை இறந்துட்டாங்க. எட்டு மாசத்துல பெரியப்பாவுக்கு பக்கவாதம், பேச்சு போச்சு, ஆள் அடையாளமும் சரியா தெரியல, 2022ல அவரும் போயிட்டார். உயில எடுத்துப் பாத்தா மனை அத்தை பேர்ல அப்படியே இருக்கு. அத்தை பொண்ணுக்குத்தான் வரும்னு நாங்க எல்லாருமே நினைச்சோம், அவளும் அந்த ஜெராக்ஸ் காப்பியோட லாயர்கிட்ட போனா, அவர் படிச்சுட்டு "இது உனக்கு வராதும்மா"ன்னு சொல்லிட்டார்.

சட்டம் 105வது பிரிவுல சொல்றது இதுதான், எழுதி வச்சவருக்கு முன்னாடியே வாங்க வேண்டியவர் இறந்துட்டா அந்தக் கொடை காலாவதி ஆயிடும், அந்த சொத்து உயில்ல மிச்ச சொத்துன்னு இருக்கிறதோட போய் சேந்துடும். பெரியப்பா உயில்ல மிச்ச சொத்து யாருக்குன்னு ஒரு வரி கூட இல்ல. அதனால அந்த மனைக்கு மட்டும் உயிலே இல்லாத மாதிரி ஆகி பெரியம்மா, ரெண்டு அண்ணன், அக்கா நாலு பேருக்கும் ஆளுக்கு 3 சென்ட். பெரிய அண்ணன் தன்னோட 3 சென்ட அவளுக்கே குடுக்கறேன்னார், ஆனா அத்தை பொண்ணுங்கிறதால குடும்ப செட்டில்மெண்டுக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கலன்னு தெரிஞ்சதும் அது அப்படியே நின்னுபோச்சு.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது உயில்ல இருந்த அந்த வாசகம். "என் தங்கையும் அவரது வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது"ன்னு இருந்துச்சு. வாரிசுன்னு தெளிவா இருக்கே, அப்புறம் ஏன் பொண்ணுக்கு வராதுன்னு நாங்க சண்டையே போட்டோம். பத்திரம் எழுதறவங்க எல்லா உயில்லயும் போடற வரி அது, அதுக்கு அர்த்தம் வாங்கறவருக்கு முழு உரிமை, விக்கலாம் குடுக்கலாம்ங்கிறதுதான், "அவர் இல்லன்னா இவர்"ங்கிற அர்த்தம் அதுல இல்ல. சட்டத்துலயே 105வது பிரிவுக்கு கீழ ஒரு உதாரணம் இருக்கு, ஒருத்தருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்னு எழுதி அவர் முன்னாடியே இறந்துட்டா மொத்தமா காலாவதின்னு. உங்க வீட்டு உயில்ல இந்த பௌத்திர வரி இருந்து அதை நம்பி இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

சரி, வழிகளுக்கு வரேன். முதல் வழி, இப்போதைக்கு எளிமையா எழுதிட்டு யாராச்சும் இறந்தா அப்ப மாத்திக்கிறது. புதுசா உயில் எழுதலாம், இல்ல பழைய உயிலுக்கு ஒரு திருத்தம் மட்டும் எழுதி ரெண்டு சாட்சி வச்சு கையெழுத்துப் போடலாம், பதிவு பண்ணியே ஆகணும்னு கட்டாயம் கூட இல்ல. செலவு கம்மி, யாருக்கு என்னன்னு அப்பப்போ யோசிச்சு முடிவு பண்ணலாம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஆனா இந்த வழி நடக்கணும்னா எழுதினவர் அந்த நாள்லயும் தெளிவான புத்தியோட இருக்கணும், உயில் எழுத என்ன தகுதி வேணுமோ அதேதான் திருத்தத்துக்கும் வேணும். நான் எல்லாத்தையும் இந்த ஒரு விஷயத்த வச்சுதான் எடை போட்டேன். எழுதறவருக்கு 75 வயசுன்னா அவர் எழுதி வைக்கிற அக்கா தங்கச்சிக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான் இருக்கும், ஒருத்தர் போற அதே ரெண்டு மூணு வருஷத்துலதான் இன்னொருத்தருக்கு பக்கவாதமோ மறதி நோயோ வருது. பெரியப்பாவுக்கு எட்டு மாசம் இருந்துச்சு. அந்த எட்டு மாசத்துல முதல் மூணு மாசம் அவர் யார்கூடவும் சரியா பேசவே இல்ல, தங்கச்சி போன துக்கத்துல இருக்கிற மனுஷன்கிட்ட போய் அந்த மனைய இப்ப யாருக்கு எழுதறீங்கன்னு எந்தப் பிள்ளை கேக்கும்? அத்தை பொண்ணு கேட்டிருந்தா சொத்துக்கு அலையறான்னு பேசியிருப்பாங்க. யாரும் கேக்கல. அவர் மறந்தாரா, பௌத்திர வரி இருக்குன்னு நிம்மதியா இருந்தாரான்னு இனிமே தெரியவும் போறதில்ல.

ரெண்டாவது வழி முதல்லயே மாற்று ஆளை எழுதி வைக்கிறது. 105வது பிரிவே இதுக்கு இடம் குடுக்குது, வேற ஒருத்தருக்குப் போகணும்ங்கிற எண்ணம் உயில்ல தெரிஞ்சா காலாவதி ஆகாதுன்னு. அம்மா உயில்ல சித்திக்கு குடுக்கிற வங்கி டெபாசிட்டுக்கு நாங்க எழுதின வரி இது (பேர்கள மட்டும் எடுத்துட்டேன்):

"மேற்படி டெபாசிட் தொகையை என் தங்கை அடைய வேண்டியது. அவர் எனக்கு முன்பாகவோ, நான் இறந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள்ளாகவோ இறந்துபோனால் மேற்படி தொகையை அவருடைய மகன் அடைய வேண்டியது. அவரும் அவ்வாறே இறந்திருந்தால் மேற்படி தொகை இந்த உயிலில் கண்ட மிச்ச சொத்துகளோடு சேர வேண்டியது."

இதுல "எனக்கு முன்பாக"ங்கிறத லாயர் பிடிவாதமா போட வச்சார், வெறுமனே "அவர் இறந்துபோனால்"னு விட்டா எப்ப இறந்தா, சித்தி பணத்த வாங்கி அனுபவிச்சு பத்து வருஷம் கழிச்சு இறந்தாலுமான்னு பின்னாடி வழக்கு பேச இடம் வரும்னார். 30 நாள் எதுக்குன்னா, ரெண்டு பேரும் ஒரே கார்ல போய் விபத்துன்னு வச்சுக்கோங்க, யார் முதல்ல போனாங்கன்னு தெரியலன்னா, வாங்கறவர் பின்னாடிதான் போனார்னு அவர் பக்கத்து ஆளுங்க நிரூபிக்க வேண்டியிருக்கும். நாலு நாள் கழிச்சு போனாலும் சொத்து அவர் கணக்குக்குப் போய் அங்கேர்ந்து அவர் வாரிசுங்களுக்குன்னு ரெண்டு தடவ காகித வேலை. 30 நாள்னு போட்டா நேரா மாற்று ஆளுக்கு வந்துடும்.

மிச்ச சொத்து வரியில நாங்களே முதல்ல ஒரு தப்பு பண்ணோம். "மற்ற சொத்துகள் என் மூன்று அண்ணன் தங்கைகளுக்கும் சமபாகமாக"ன்னு அம்மா சொன்னத அப்படியே எழுதிட்டோம். பாகம் பிரிச்சு எழுதினா, ஒருத்தர் முன்னாடி போயிட்டா அவரோட மூணுல ஒரு பங்கு மத்த ரெண்டு பேருக்கு வராது. சாதாரண சொத்துன்னா அது மிச்ச சொத்துல விழும், ஆனா மிச்ச சொத்துலயே ஒரு பங்கு காலாவதி ஆனா அது விழ வேற இடம் கிடையாது, உயில் இல்லாத சொத்தாதான் போகும். "சமபாகமாக"ங்கிற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வேலை. அதனால அங்கயும் "எனக்கு முன்பு இறந்தவருடைய பங்கை உயிரோடு இருக்கும் மற்றவர்கள் சமமாக அடைய வேண்டியது"ன்னு சேத்தோம்.

பாகமே சொல்லாம ரெண்டு பேர் பேரையும் கூட்டா எழுதிட்டா ஒருத்தர் போனாலும் இன்னொருத்தர் முழுசா எடுத்துக்கலாம், 106வது பிரிவு. எங்க வீட்ல யாரும் அப்படி எழுதினதில்ல, படிச்சத வச்சுதான் சொல்றேன். ரெண்டு பேரும் உயிரோட இருந்தா கூட்டு சொத்தாயிடுமே, அப்புறம் பிரிக்க ஒரு பத்திரம் வேணுமேன்னு எனக்கு அது பிடிக்கல.

"எங்க அப்பா பையனுக்குத்தானே எழுதியிருக்கார், எங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு 109வது பிரிவு இருக்கு. சொந்தப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ எழுதி, அவர் தனக்குன்னு பிள்ளைய விட்டுட்டு முன்னாடியே இறந்துட்டா, அந்தப் பிள்ளை எழுதினவர் சாகும்போது உயிரோட இருந்தா கொடை காலாவதி ஆகாது. இது போதும்னு நிறைய பேர் விட்டுடறாங்க. ஆனா சொத்து நேரா பேரனுக்கு வராது, இறந்த பையன் அப்பாவுக்கு அடுத்த நிமிஷம் இறந்ததா வச்சுக்கிட்டு அவரோட சொத்தாதான் இறங்கும். பையன் உயில் எழுதாம போயிருந்து மனைவி, ஒரு பொண்ணு, அம்மா இருக்காங்கன்னா வீடு மூணு சம பங்கு, ஏன்னா ஆணோட சொத்துல அவங்க அம்மாவும் முதல் வரிசை வாரிசு. பையன் தன் உயில்ல எல்லாத்தையும் வேற யாருக்காவது எழுதியிருந்தா அவங்களுக்குப் போகும், பேத்திக்கு ஒண்ணும் வராம கூட போகலாம். பையனுக்குப் பிள்ளையே இல்ல, மருமகள் மட்டும்னா 109 உதவிக்கே வராது, பழையபடி காலாவதிதான். பேத்திக்குத்தான்னு மனசுல இருந்தா பேத்தி பேரை எழுதிடறதுதான் ஒரே வழி, மைனரா இருந்தா பாத்துக்கப்போறவர் யாருன்னும் சேத்து.

உயிர் இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக்குடுத்துட்டா காலாவதிங்கிற பேச்சே வராது, நிஜம்தான். ஆனா குடுத்தத நினைச்சா திரும்ப வாங்க முடியாது, அம்மா குடியிருக்கிற வீட்டுக்கு நான் அத யோசிக்கவே இல்ல.

மாற்று ஆள் வழியிலயும் ஒரு குறை இருக்கு, நாங்க எழுதும்போதே தெரிஞ்சுது. அம்மாவுக்கு சித்தி பையனோட இப்ப அவ்வளவா ஒட்டுதல் இல்ல, சித்திக்காகத்தான் அவன் பேர் வந்துச்சு. நாளைக்கு அவங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்தா அம்மா திருத்தம் எழுதித்தான் ஆகணும், அப்ப முதல் வழிக்கே திரும்ப வர்றோம். அம்மாகிட்ட இத சொன்னப்போ, "எழுத முடியாம போனாலும் அது என் தங்கச்சி புள்ளைக்குத்தானே போகும், போகட்டும்"னாங்க. அந்த வரி அப்படியே நின்னுது, அடுத்த வாரம் கையெழுத்தாச்சு.