ரவுட்டரில் விபிஎன் போட்டால் பிஎஸ்5-இல் பிங் குறையுமா? நாட் டைப் மாறுமா?

பிங் குறையும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலானவர்கள் ரவுட்டரில் விபிஎன் போடுகிறார்கள். அது அநேகமாக நடக்காது. வெளியிலிருந்து வரும் இணைப்புகள் கன்சோலை எந்த அளவுக்கு எட்டும் என்பதைக் காட்டும் நாட் டைப் விஷயத்தில் மட்டும், சரியாக அமைத்தால் நல்ல பலன் உண்டு.

முதலில் பிங். சென்னையில் இருக்கும் கன்சோல் சிங்கப்பூர் கேம் சர்வருக்கு நேராகப் போனால் 40 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மும்பையில் உள்ள விபிஎன் சர்வர் வழியாகப் போனால், சென்னை–மும்பை 25, மும்பை–சிங்கப்பூர் 60, மொத்தம் 85. விபிஎன் பாக்கெட்டை வேகப்படுத்துவதில்லை, சுற்றி அனுப்புகிறது, அவ்வளவுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: இணைய நிறுவனமே பாக்கெட்டை வேறு நாடு வரை கொண்டுபோய்த் திருப்பி அனுப்பினால், பக்கத்தில் உள்ள விபிஎன் சர்வர் அந்த வளைவை வெட்டிவிடும். அதே ரவுட்டரில் இருக்கும் கணினியில் விபிஎன் இல்லாமல் ஒருமுறை, விபிஎன் வழியாக ஒருமுறை, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் `mtr` கட்டளையை ஓட்டினால் தெரிந்துவிடும். ராத்திரி 9 மணிக்கும் பகல் 11 மணிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ராத்திரி மட்டும் மோசமானால் அது அந்த வழித்தடத்தின் நெரிசலாக இருக்கலாம். விபிஎன் வேறு வழியில் போனால்தான் உதவும்.

மேட்ச்மேக்கிங்கும் இதையொட்டியதே. பல கேம்களில் கன்சோலே ஒவ்வொரு டேட்டா சென்டருக்கும் பிங் அனுப்பி அளக்கிறது. அந்த அளவீடும் விபிஎன் வழியாகவே போவதால், விபிஎன் சர்வருக்கு எது பக்கமோ அதையே கேம் தேர்ந்தெடுக்கும். வெளிநாட்டு சர்வரைப் போட்டு, எளிதான எதிராளிகள் கிடைக்கும் “ஈஸி லாபி” தேடுபவர்களுக்கு லாபி மாறலாம். ஆனால் 150-க்கு மேல் பிங்கோடு ஆடும்போது சுடுவது தாமதமாகப் பதிவாகும். சில கேம்களின் விதிகள் இருப்பிடத்தை மறைப்பதையே தடை செய்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி நாட் டைப். ரவுட்டரின் WAN முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255-க்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. ரவுட்டரில் போர்ட் திறந்தாலும், போர்ட்டைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பி ஆன் செய்தாலும், வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பு எதுவும் உள்ளே வராது. பிஎஸ்5 பெரும்பாலும் மிகக் கண்டிப்பான வகையான NAT Type 3 காட்டும். நண்பரின் பார்ட்டியில் குரல் ஒருபக்கம் மட்டும் கேட்கலாம். சந்தா விபிஎன் போட்டாலும் பெரும்பாலும் இதே நிலைதான், ஏனென்றால் அங்கேயும் ஒரே ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். சில விபிஎன் நிறுவனங்கள் போர்ட் ஃபார்வர்டு தருகின்றன, ஆனால் போர்ட் எண் அவை கொடுப்பது. கேம் 3074 கேட்டால் 5 இலக்க எண் ஒன்று வந்து பயனில்லை.

உருப்படியான வழி, பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ், அதாவது வாடகை சர்வர் ஒன்றை அருகிலுள்ள நகரத்தில் எடுத்து அதிலும் ரவுட்டரிலும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடுவது. பிஎஸ்5-க்கு நிலையான முகவரி கொடுங்கள், இங்கே 192.168.1.50. ரவுட்டரில் அந்த முகவரியை மட்டும் வயர்கார்டு டனலுக்குத் திருப்புங்கள். வீட்டின் மற்ற சாதனங்கள் நேர் வழியிலேயே போகட்டும். டனல் பக்கம் ரவுட்டர் மீண்டும் நாட் செய்யக் கூடாது, இல்லாவிட்டால் நாட் இரண்டு அடுக்காகிவிடும். விபிஎஸ்ஸின் வயர்கார்டு அமைப்பில் உள்ள peer பகுதியில், ரவுட்டரின் டனல் முகவரியோடு, இங்கே 10.8.0.2, கன்சோல் முகவரியையும் சேர்த்து, போர்ட்டைத் திருப்புங்கள்:

```
AllowedIPs = 10.8.0.2/32, 192.168.1.50/32
```

```
iptables -t nat -A PREROUTING -i eth0 -p udp --dport 3074 -j DNAT --to-destination 192.168.1.50
iptables -t nat -A POSTROUTING -s 192.168.1.50 -o eth0 -j MASQUERADE
```

`eth0` உங்கள் சர்வரில் வேறு பெயராக இருக்கலாம். `net.ipv4.ip_forward=1` இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் ஃபயர்வாலில் டனலிலிருந்து வீட்டு நெட்வொர்க்கான லேனுக்கு அனுமதி இல்லாவிட்டால் பாக்கெட் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது. பின்பு Settings > Network > Connection Status > Test Internet Connection ஓட்டினால் NAT Type 2 வர வேண்டும்.

நீண்ட நாள் ஓடும்போது இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு. பிபிபிஓஇ இணைப்பு 1492 என்றால், வயர்கார்டுக்கு 80 கழித்து 1412 வையுங்கள். அதிகமாக வைத்தால் கேம் ஓடும், ஆனால் ஸ்டோர் பக்கமோ டவுன்லோடோ பாதியில் நின்றுபோகும். பழி வைஃபை மேல் விழும். மற்றொன்று ரவுட்டரின் சிபியு. குறியாக்கம் அதன் தலையில்தான் விழுகிறது. கன்சோல் பெரிய அப்டேட் இறக்கும்போது சிபியு 100 சதவீதம் தொட்டால் பிங் 40-லிருந்து 200-க்குத் துள்ளும். அப்டேட்டை டனலுக்கு வெளியே இறக்கிக்கொள்வது எளிது.

இதெல்லாம் செய்வதற்கு முன்பு, இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள். WAN முகவரி பொது ஐபியாக மாறியதும், அதே 3074-ஐ ரவுட்டரிலேயே திறந்துவிட்டு டனலைக் கழற்றிவிடலாம்.