மாத்திரையால் வாய் வறட்சி: பல்லுக்கு எது உதவியது, எது வாய்க்கு மட்டும் இதமாக இருந்தது

ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்க இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம், மூக்கு அலர்ஜிக்குக் குளோர்பெனிரமின். இந்த இரண்டையும் சில வருடங்கள் சேர்த்தே எடுத்து வந்தேன். தலைவலி நன்றாகக் கட்டுப்பட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வாய் வறண்டது, அதன் பின்னாலேயே பல்லில் சொத்தையும் வந்தது. வறட்சிக்கென்று கடையில் கிடைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை வாய்க்கு இதம் தருபவை. பல்லைக் காப்பவை வேறு, அவற்றைப் போட்டால் வாய்க்குள் எந்த வித்தியாசமும் தெரியாது. இதமாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு பொருளை மதிப்பிட்டால் பல் கைவிட்டுப் போகும்.

எச்சில் சுரக்கச் சொல்லும் கட்டளையை நரம்பிலிருந்து சுரப்பிக்குக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற பொருள். அமிட்ரிப்டிலின், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை அந்தக் கட்டளையைச் சுரப்பி வாங்கிக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடுகின்றன. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகள் சேர்ந்தால் வறட்சியும் கூடும். ஆனால் சுரப்பி கெட்டுப்போவதில்லை. இது முக்கியமான விஷயம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பல்லுக்கு வருவோம். மாவுப்பொருளோ சர்க்கரையோ வாய்க்குள் போனால் பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிப் படலம் சில நிமிடங்களில் அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் கூடக் கூட இறங்கும் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எச்சில் நன்றாக ஊறும் வாயில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இந்த அமிலம் தணிந்துவிடும். எச்சில் அதைக் கழுவுகிறது, அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது, அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தை மறுபடி நிரப்புகின்றன. எச்சில் குறைந்தால் இந்த மூன்று வேலையும் ஒன்றாகத் தடைபடும். அமிலம் பல்லோடு நெடுநேரம் தங்கும், இழந்த சத்தும் திரும்பி வராது.

ஈறு சற்று இறங்கி வேர் வெளியே தெரியும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். வேரின் மேல் எனாமல் கிடையாது. அங்கே பிஎச் 6-க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும். எனக்கும் அங்கேதான் வந்தது: கீழ் வரிசையில் கோரைப்பல்லும் அதை ஒட்டிய பல்லும், ஈறு ஓரமாக, மஞ்சள் கலந்த பழுப்பில் மெத்தென்று இரண்டு இடங்கள். வழக்கமாகச் சொத்தை வரும் கடைவாய்ப் பற்களின் பள்ளங்கள் சுத்தமாக இருந்தன. ஈறு ஓரம், முன்பற்களின் நுனி, பழைய அடைப்பின் விளிம்பு என்று சாதாரணமாகத் தப்பிக்கும் இடங்களில் புதிதாகச் சொத்தை தெரிந்தால், முதலில் மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்வேன் என்றார் என் பல் மருத்துவர்.

கண்ணாடி வைத்த கைப்பிடியைக் கன்னத்தின் உட்புறம் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. அப்புறம் எச்சிலை அளந்தார். மெல்லாமல், பேசாமல், தலையைக் குனிந்து உட்கார்ந்து 5 நிமிடம் ஊறும் எச்சிலை அளவுக் கோடு போட்ட கோப்பையில் விட வேண்டும். எனக்கு வந்தது 0.4 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 0.08. சராசரி ஆளுக்கு 0.3-க்கு மேல் வரும், 0.1-க்குக் கீழே போனால் சுரப்புக் குறைவு என்று கணக்கு. அடுத்து மெழுகுத் துண்டு ஒன்றை மெல்லச் சொல்லி மறுபடி 5 நிமிடம். இப்போது 6 மில்லி, நிமிடத்துக்கு 1.2. மென்று எடுக்கும்போது 0.7-க்குக் கீழே வந்தால்தான் கவலை.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் அடுத்து என்ன செய்வது என்று காட்டின. சும்மா இருக்கும்போது சுரப்பு இல்லை, மென்றால் வருகிறது. அதாவது என் சுரப்பிகள் நலமாகத்தான் இருக்கின்றன, தூண்டினால் வேலை செய்கின்றன. மெல்லும்போதும் எச்சில் வராதவர்களுக்குச் சூயிங்கம் பயன்படாது, அவர்கள் செயற்கை எச்சிலைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வேலை மருந்துச் சீட்டைத் திருத்துவது. அதை மருத்துவரிடம் கேட்டே செய்தேன். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அலர்ஜி மாத்திரைக்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தார். எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமாகக் குறைத்தபோது வாய் தேறியது, தலைவலி திரும்பியது, மறுபடி 25-க்கே போனோம். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டுப் பார்த்ததில் காலை மந்தம் குறைந்தது, வறட்சியில் பெரிய மாற்றமில்லை. அந்த மருந்து உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவது, நாள் முழுக்க இரத்தத்தில் இருக்கும். சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்தபோது 5 நிமிடத்துக்கு 0.9 மில்லி வந்தது. நிமிடத்துக்கு 0.18. முழுச் சுகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆபத்து எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

சைலிட்டால் சேர்த்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம்தான் பகல் நேரத்தில் என் முதல் தேர்வு. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் மெல்லுகிறேன். மென்று வரும் எச்சிலில் பைகார்பனேட் அதிகம், அமிலம் கூடும் அந்த நேரத்துக்கு அது சரியாக வந்து சேருகிறது. சைலிட்டாலைச் சொத்தைக் கிருமிகளால் அமிலமாக மாற்ற முடியாது. குறைகளும் உண்டு: நிறைய மென்றால் வயிறு கலக்கும், எனக்குக் கன்னப்பொறி வலித்துத் தலைவலியைக் கிளறும். அதனால்தான் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறேன். வீட்டில் நாய் இருந்தால் பொட்டலத்தை எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம்.

புளிப்பு மிட்டாய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாயில் போட்டதும் எச்சில் ஊறும், இதமும் உடனே கிடைக்கும். ஆனால் அதிலிருக்கும் சிட்ரிக் அமிலம் நேரடியாகவே பல்லைக் கரைக்கிறது. 'சர்க்கரை இல்லை' என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். எச்சில் ஸ்ப்ரேக்களிலும் சில அமிலத்தன்மை உள்ளவை. சொந்தப் பல் இருப்பவர்கள் பின்பக்க எழுத்தைப் படித்து, சிட்ரிக் அமிலம் முதல் சில பெயர்களில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். பல்லே இல்லாதவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பது வாயை நனைக்கும், சாப்பாட்டை விழுங்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் பைகார்பனேட்டும் வழவழப்பும் இல்லை, சில நிமிடங்களில் பழையபடி காய்ந்துவிடும். அந்த இடத்தில் இனிப்புப் பானத்தையோ புளிப்புப் பானத்தையோ வைத்துக்கொண்டு நாள் முழுக்க உறிஞ்சினால் மேலே சொன்ன அமிலம் ஓய்வே இல்லாமல் நிற்கும். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் எரிச்சலையும் வறட்சியையும் கூட்டியது, நிறுத்திவிட்டேன்.

இரவுதான் கடினம். தூக்கத்தில் எல்லோருக்கும் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும், மாத்திரை போடுபவர்களுக்கு அந்த மிச்சமும் இல்லை. தூக்கத்தில் மெல்லவும் முடியாது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், கிளிசரின் கலந்த ஜெல்லைக் கன்னத்தின் உட்புறமும் நாக்கிலும் மெல்லிசாகத் தடவிக்கொண்டு படுக்கிறேன். முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும், விடிகாலையில் தேய்ந்து போயிருக்கும். சுவை ஒரு மாதிரி, பழகிவிடும். மூக்கடைப்பு சரியாகி வாயால் மூச்சு விடுவது குறைந்ததும் ஜெல் அதிக நேரம் நின்றது. மூக்கு ஸ்ப்ரேவுக்கு மாறியதில் கிடைத்த இரண்டாவது லாபம் அது.

இவை எல்லாம் இதத்துக்கு. பல்லைக் காத்தது ஃபுளோரைடு. சாதாரண பேஸ்டில் 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்கும். எனக்குப் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது 5000 பிபிஎம், பல நாடுகளில் மருந்துச் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும், சிறுவர்களுக்குக் கூடாது. காலையும் இரவும் பட்டாணி அளவு வைத்து இரண்டு நிமிடம் தேய்த்து, நுரையைத் துப்புவதோடு சரி. வாயைக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய ஃபுளோரைடு கழுவுத்தொட்டியில் போய்ச் சேரும். இரவில் பேஸ்ட் முடிந்து அரை மணி கழித்துத்தான் ஜெல் தடவுகிறேன். அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷை ஈறு ஓரத்தில் பூசுகிறார்.

அந்த இரண்டு மெத்தென்ற இடங்களையும் அவர் துளையிடவில்லை. பள்ளம் விழாததாலும் பிரஷ் போய்ச் சேரும் இடம் என்பதாலும் காத்திருந்து பார்க்கலாம் என்றார். அடுத்தடுத்த வருகைகளில் நிறம் கருமையானது, நான் பயந்தேன், அவர் சந்தோஷப்பட்டார். வேரில் வந்த சொத்தை அடங்கும்போது கருத்து, பளபளத்து, கெட்டியாகும். கருவியின் முனையை மெதுவாக ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். அடங்காமல் பரவும் சொத்தைதான் வெளிறி, மெத்தென்று, தோல் போல இருக்கும். கறுப்பு அழகாக இல்லைதான், கீழ்ப்பல் என்பதால் விட்டுவிட்டேன். பள்ளம் விழுந்திருந்தால் ஃபுளோரைடு மட்டும் போதாது, அடைத்தே ஆக வேண்டும்.

பைலோகார்பின் என்று எச்சிலைத் தூண்டும் மாத்திரை ஒன்று இருக்கிறது. கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கும் தருவார்கள். வியர்த்துக் கொட்டும், கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் சில வகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு மாத்திரை அடைத்த இடத்தை இன்னொரு மாத்திரையால் திறக்கப் பார்ப்பது என் விஷயத்தில் தேவையில்லை என்றார் மருத்துவர். மென்றால் எச்சில் வருகிறதே, அப்புறம் எதற்கு?

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்திருப்பவர்கள் இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: வறண்ட வாயில் அது கரையத் தாமதமாகும். வைப்பதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளலாம், அல்லது அதே மருந்தை ஸ்ப்ரேவாக மாற்றித் தரச் சொல்லலாம்.