வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்பிலிருந்தே வந்த புதிய கணக்கு எண்: நான் இழந்த 19,000 ரூபாய்

வேலூர் சத்துவாச்சாரியில் நான்கு ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவி காலமான பிறகு ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். மாத வாடகை 9,500 ரூபாய். அதை ஐந்தாம் தேதிக்குள் அவருடைய வேலூர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போடுவேன். அவரும் "வந்தது தம்பி" என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியைத்தான் நாங்கள் இருவரும் ரசீதாக வைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஏற்பாட்டுக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் நுழைந்து எங்கள் பணத்தை எடுத்துப் போனதை, அது நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு வாடகை அனுப்புகிறவர்கள் வேலூரில் நிறையப் பேர் இருப்பதால், ஒருவராவது பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு, நான் வேலையில் இருந்தபோது, அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வந்தது. எண் அவருடையது, படம் அவருடையது, அதற்கு மேலே நான்கு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொண்டவை அப்படியே இருந்தன. "தம்பி, கேஒய்சி கொடுக்காததால் பழைய கணக்கை முடக்கிவிட்டார்கள். இந்த மாத வாடகையை இந்தக் கணக்குக்கு அனுப்பு. முடிந்தால் அடுத்த மாதத்தையும் சேர்த்து அனுப்பு, மருத்துவச் செலவு இருக்கிறது" என்று எழுதி, கீழே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தன. "பேசலாமா சார்?" என்று அதே இடத்தில் கேட்டேன். "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இங்கே பேச முடியாது, சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன்" என்று உடனே பதில் வந்தது. வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

என் முதல் தவறு அங்கேதான் நடந்தது. எழுதியவர் உண்மையில் அவர்தானா என்பதை, எழுதிய அந்த ஆளிடமே, அதே வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். தொலைபேசியில் ஒரு சாதாரண அழைப்பு விடுத்திருந்தால் அவர் ஓசூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும்.

இரண்டாவது தவறு வங்கிச் செயலியில் நடந்தது. புதிய பயனாளியைச் சேர்க்கும் பக்கத்தில் கணக்கு எண்ணை இரண்டு முறை உள்ளிட்டு, ஐஎஃப்எஸ்சியைப் போட்டு, பெயர் என்ற கட்டத்தில் வீட்டுக்காரரின் பெயரை நானே தட்டச்சு செய்தேன். செயலி எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதால் பெயரும் எண்ணும் பொருந்துகின்றன என்றே நினைத்துவிட்டேன். உண்மையில் நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் சேருகிறது. நாம் தட்டச்சு செய்யும் பெயர் நம் பட்டியலில் நாம் ஒட்டிக்கொள்ளும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்தப் பெயரோடு கணக்கின் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பணத்தை நிறுத்துகிறவர் எவரும் நடுவில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான், பணம் பெறுகிறவரின் பெயரை அனுப்புகிறவருக்கு முன்கூட்டியே காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருந்தது. என் செயலியிலும் கணக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே பெயரைச் சரிபார்க்கும் சிறிய பொத்தான் இருந்தது. அதை அழுத்தாமலும் மேலே போக முடிந்ததால் நான் அழுத்தவில்லை. பிறகு ஒரு நாள் அழுத்திப் பார்த்தபோது, எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் ஆளின் பெயர் திரையில் வந்தது. ஐஎஃப்எஸ்சியும் அதே கதைதான். பதினொரு எழுத்துகள் கொண்ட அந்தக் குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், ஐந்தாவதாக வரும் பூஜ்யத்துக்குப் பிந்தைய ஆறு கிளையையும் குறிக்கின்றன. செயலியிலேயே கிளையின் ஊர் காட்டப்பட்டிருந்தது. அது வேலூரோ ஓசூரோ அல்ல, தமிழ்நாட்டிலேயே இல்லாத ஊர். நான் அதைப் படிக்காமல் 19,000 ரூபாயை அனுப்பிவிட்டு, வழக்கம்போல ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டேன். "வந்தது தம்பி" என்று பதிலும் வந்தது.

ஆறாம் தேதி இரவு சாரே தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இந்த மாசம் வாடகை இன்னும் வரலியே, ஏதாவது சிரமமா?" என்று அவர் கேட்ட குரலில் கோபம் துளியும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அவர் எண்ணிலிருந்து அவருக்கே தெரியாமல் எப்படி எழுதினார்கள் என்பது அன்றிரவே ஓரளவு புரிந்தது. சில நாட்களுக்கு முன், தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு புகைப்படத்தைப் பார்க்கச் சொல்லி இணைப்பு வந்திருக்கிறது. அதைத் திறந்து, கேட்டபடி தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அடுத்து வந்த எட்டு எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பிலும் உள்ளிட்டிருக்கிறார். படத்தைத் திறப்பதற்கான குறியீடு என்று அவர் நினைத்தது, வேறொருவரின் கணினியைத் தன் வாட்ஸ்அப்போடு இணைக்க அவர் கொடுத்த அனுமதி. இப்படி இணைத்தால் உரிமையாளரின் தொலைபேசியில் வாட்ஸ்அப் நின்றுபோவதில்லை, எப்போதும்போல இயங்கும். அதனால் அவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் இணைந்த கணினியில் பழைய உரையாடல்களும் தெரியும். வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், என்னை எப்படி அழைப்பார், ரசீதாக எந்த வார்த்தையை எழுதுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அங்கிருந்துதான் கிடைத்திருக்கிறது. பகலில் அவர் வாட்ஸ்அப்பைத் திறப்பது அரிது. அவர் பார்ப்பதற்குள் அன்றைய செய்திகளை அழித்துவிட்டிருந்தார்கள். அவருடைய பேத்தி வாட்ஸ்அப் அமைப்பில் Linked devices என்ற பகுதியைத் திறந்து பார்த்தபோது, அவர்கள் வீட்டில் இல்லாத ஒரு கணினி அங்கே இருந்தது. உடனே அதை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டாள்.

அன்றிரவே 1930 என்ற எண்ணுக்கு அழைத்தேன். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகாரை முழுமையாக்கினேன். முதல் சில மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுத்து வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். மூன்று நாட்கள் கழிந்துவிட்டதால் 2,300 ரூபாய் மட்டும் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், மீதியை நான் பணம் அனுப்பிய அன்று மாலையே எடுத்துவிட்டதாகவும் தெரிந்தது. அந்த 2,300 ரூபாயும் இதை எழுதும்வரை என் கைக்கு வரவில்லை.

வங்கியில் கேட்டபோது கிடைத்த பதிலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் தவறான நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு தரும் சுற்றறிக்கை ஒன்றை ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்டிருந்தது. அது அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. நானே பயனாளியைச் சேர்த்து, நானே ஓடிபியைப் போட்டு அனுப்பிய பணம் அதற்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரிடமும் நான் வாதாடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கணக்குக்கு வாடகை போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மை. அந்த மாத வாடகையை இரண்டு தவணைகளில் மறுபடியும் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து சார் உண்மையிலேயே கணக்கை மாற்றினார். ஓசூரிலேயே ஒரு கிளையில் புதிதாகத் தொடங்கியிருந்தார். இந்த முறை அதை எப்படிச் சரிபார்த்தோம் என்பதுதான் இந்தப் பதிவில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படும் பகுதி என்று நினைக்கிறேன்.

அவர் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், "சார், வைத்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்" என்றேன். வந்த அழைப்பைத் தொடராமல், வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக அழுத்திக் கூப்பிட்டேன். கணக்கு எண்ணை அவர் பாஸ்புக்கைப் பார்த்துப் படிக்க, நான் எழுதித் திருப்பிப் படித்தேன். பிறகு செயலியில் பெயரைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். அவருடைய தலைப்பெழுத்து அவர் தந்தையின் முழுப்பெயராக விரிந்து வந்தது. நம் ஊரில் ஒரே ஆளின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் வங்கியில் வேறு விதமாகவும் இருப்பது சாதாரணம் என்பதால், அதை அவரிடமே கேட்டுத் தெளிந்துகொண்டேன். "மைத்துனர் கணக்கு", "நண்பர் கணக்கு" என்று வேறு எவருடைய பெயராவது வந்திருந்தால், கையெழுத்திட்ட தாள் கைக்கு வரும்வரை பழைய கணக்குக்கே அனுப்பியிருப்பேன்.

அடுத்து ஒரு சிறு தொகையை அனுப்பினேன். எல்லோரும் ஒரு ரூபாய் அனுப்பி "வந்ததா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மோசடிக்காரரும் "வந்தது" என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவருடைய கணக்குக்கு அது உண்மையாகவே வந்திருக்கும். சிறு தொகையை அனுப்பிப் பார்ப்பது, கணக்கு வைத்திருப்பவரும் நாம் குரலை அறிந்த மனிதரும் ஒருவரேதானா என்பதைக் காட்டினால்தான் பயன்படும். அதனால் எவ்வளவு என்று சொல்லாமல் 13 ரூபாய் அனுப்பிவிட்டு, மறுபடியும் அதே எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எவ்வளவு வந்திருக்கிறது சார்?" என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து, "பதிமூணு ரூபா தம்பி" என்றார்.

அதற்கடுத்த வாரம் வேலூருக்கு வந்தபோது, பழைய கணக்குக்குப் பதிலாக எந்தத் தேதியிலிருந்து எந்தக் கணக்கில் வாடகை செலுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்தோம். இனி கணக்கு மாறினால் இதேபோல் கையெழுத்திட்ட தாள் வந்த பிறகே மாற்றுவது என்றும், அதுவரை பழைய கணக்குக்கு அனுப்பும் வாடகை சரியாகச் செலுத்தியதாகவே கொள்ளப்படும் என்றும் அதிலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னவர் சார்தான். அடுத்த மாத வாடகையை அன்றைக்குத்தான் புதிய கணக்குக்கு அனுப்பினேன்.