‘வாஸ் ஹேப்பன்ட்’ ஏன் தப்பு? வினையைச் சோதிக்க மூன்று வழிகள்

மாட்டுத்தாவணி பக்கத்தில் விபத்து நடந்தது என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மதுரையில் என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளில் பலர் ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்றுதான் எழுதுகிறார்கள். தப்பு என்று அடித்துவிட்டால் போதாது, எந்த வினைக்கு பாசிவ், அதாவது செயப்பாட்டு வினை, வரும், எதற்கு வராது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டிக்‌ஷனரி, தமிழ் ‘படு’, கோடிட்ட இடம் என்று மூன்று வழி உண்டு. நான் சொல்லிக்கொடுப்பது மூன்றாவதை.

டிக்‌ஷனரியில் ஒரு வினை செயப்படுபொருள் ஏற்கும் டிரான்சிடிவா, ஏற்காத இன்ட்ரான்சிடிவா என்று போட்டிருக்கும், நம்பலாம். ஆனால் பரீட்சை ஹாலில் கையில் இருக்காது. ஓப்பன், பிரேக் மாதிரி வினைகளுக்கு இரண்டுமே போட்டிருப்பதால் நம் வாக்கியத்தில் எது என்று மறுபடியும் நாம்தான் பார்க்கணும்.

தமிழ்ச் சோதனை வேகமானது: வினையைத் தமிழில் சொல்லி, ‘படு’ சேருகிறதா என்று பார்ப்பது. ‘நடத்தப்பட்டது’ என்போம், ‘நடக்கப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே ஹேப்பனுக்கு பாசிவ் இல்லை. ஆனால் எண்டர் வந்தால் சறுக்கும். ‘அறைக்குள் நுழைந்தான்’ என்கிறோம், ‘நுழையப்பட்டது’ என்று வராது, ஆங்கிலத்திலோ ‘தி ரூம் வாஸ் எண்டர்ட்’ சரியான வாக்கியம்.

கோடிட்ட இடம் இப்படி: ‘சம்படி’ என்று எழுதி, வினையைப் போட்டு, உடனே ஒரு கோடு. நடுவில் அட், டு, இன், ஆஃப்டர் மாதிரி எதுவும் கூடாது. அந்தக் கோட்டில் ஒரு பெயர்ச்சொல் உட்காருகிறதா? உண்டாக்கு என்ற பொருளுள்ள ‘காஸ்’ வினையைப் போட்டு ‘சம்படி காஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்’ என்றால் உட்காருகிறது. பாசிவில் அந்தப் பெயர்தான் எழுந்து வாக்கியத்தின் முன்னால் போய் எழுவாயாகிறது: ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் காஸ்ட்’. ‘சம்படி ஹேப்பன்ட் ஆன் ஆக்சிடென்ட்’ நிற்காது. விபத்து நடக்கிறது, அதை யாரும் ‘ஹேப்பன்’ செய்வதில்லை, அதனால் வினைக்குப் பின்னால் இருந்து முன்னால் கொண்டுவர ஆளே இல்லை. விபத்து ஏற்கெனவே எழுவாய் இடத்தில்தான் இருக்கிறது, ‘வாஸ்’ போட அங்கே வேலையில்லை. ‘ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்’ என்றாலே முடிந்தது. அரைவ், அக்கர், டிஸ்அப்பியர் எல்லாம் இதே கதைதான். ஓப்பனையும் இது பிரித்துக் காட்டும். ‘சம்படி ஓப்பன்ட் தி டோர்’ நிற்பதால் ‘வாஸ் ஓப்பன்ட்’ வரும், கதவு தானாகத் திறந்தது என்று சொல்ல வெறும் ‘தி டோர் ஓப்பன்ட்’.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஹேவ், காஸ்ட் (விலையாகும் என்ற பொருளில்), ரிசெம்பிள் ஆகியவை கோட்டை நிரப்பும், ஆனாலும் பாசிவ் ஆகாது. கோட்டுக்கு முன் அட், ஆஃப்டர் கூடாது என்றேன் அல்லவா, லாஃப் அட், லுக் ஆஃப்டர் இரண்டும் அதற்கு விலக்கு: அந்தச் சின்னச் சொல்லையும் சேர்த்து ஒரே வினை மாதிரி நடப்பதால் ‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’ சரி. இப்படிப்பட்ட ஜோடிகளைத் தனியாகப் படித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.