நள்ளிரவில் மாறாத டின்: குன்னூர் தேயிலைக் கடைத் தளத்தில் மூன்று வருட சிடிஎன் அனுபவம்

குன்னூரில் அக்கா ஒருவர் நடத்தும் தேயிலைக் கடைக்கு நான்தான் இணையதளம் பார்த்துக்கொள்கிறேன். தேயிலை, நீலகிரித் தைலம், சாக்லேட் என்று 16 பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் 400, 800, 1600 பிக்சல் அகலத்தில் மூன்று படங்கள், ஆக மொத்தம் 48 கோப்புகள். வாங்குபவர்களில் பாதிப்பேர் சமவெளியிலும் வடக்கிலும் இருப்பதால் படங்களை, பல ஊர்களில் பிரதி வைத்துப் பக்கத்திலிருந்தே கொடுக்கும் சிடிஎன் வழியாகக் கொடுக்கிறோம். வேகத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. என்னைப் படுத்தியது, குறித்த நேரத்தில் படத்தை மாற்றும் வேலை.

முதல் வருடம் பனிக்காலத் தேயிலையின் டின் 250 கிராமிலிருந்து 200 கிராமுக்கு மாறியது. புது லேபிள், புது விலை, ஜனவரி 1 நள்ளிரவு 12 மணிக்கு அமல். புதுப் படங்களைப் பழைய பெயரிலேயே சர்வரில் ஏற்றும் ஸ்கிரிப்ட், சிடிஎன் கேஷைத் துடைக்கும் பர்ஜ் கட்டளை, இரண்டையும் 12 மணிக்கே ஓடும்படி வைத்தேன். சர்வர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யுடிசியில் ஓடுவதால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் 18:30 என்று எழுத வேண்டும். அதைச் சரியாகவே எழுதியிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தேன், புது டின் தெரிந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, டெல்லில இருந்து ஒருத்தர் படம் எடுத்து அனுப்பியிருக்காரு. டின்ல 250 கிராம்னு இருக்கு, கீழ எழுத்துல 200ன்னு இருக்கு. எது உண்மைன்னு கேக்குறாரு."

எனக்குப் புதுசாகத் தெரிந்த படம் அவருக்கு ஏன் பழசாகத் தெரிய வேண்டும்? சிடிஎன் என்பது ஒரே கிடங்கு இல்லை. ஒவ்வொரு ஊரின் எட்ஜ் சர்வரும் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கும். குன்னூரிலிருந்து நான் கேட்டால் தெற்கே ஏதோ ஒரு எட்ஜ் பதில் சொல்லும், டெல்லிக்காரருக்கு வேறொன்று. என் திரையில் சரியாக இருப்பது அவர் திரைக்குச் சாட்சி ஆகாது. டெல்லியில் இருக்கும் நண்பனிடம் இந்தக் கட்டளையை ஓட்டச் சொன்னேன்:

```
curl -sI https://example.com/img/frost-tea-800.webp \
  | grep -iE '^(age|last-modified|cache-control)'
```

9:05க்கு அவன் அனுப்பிய பதிலில் `last-modified` பழைய தேதி, `cache-control: public, max-age=86400`, அதோடு `age: 32580`. இந்த `age`தான் குட்டை உடைத்தது. கேஷ் அந்தப் படத்தை எடுத்து வைத்து எத்தனை நொடி ஆகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 32,580 நொடி என்றால் 9 மணி 3 நிமிடம். 9:05லிருந்து கழித்தால் 12:02.

அதாவது பர்ஜ் வேலை செய்திருக்கிறது. 12:00க்குப் பழைய பிரதி துடைக்கப்பட்டது. ஆனால் எங்கள் மலை இணைப்பில் 48 படங்கள் ஏறி முடிக்க 12:04 ஆகிவிட்டது. நடுவில் 12:02க்கு டெல்லியில் யாரோ பக்கத்தைத் திறந்திருக்கிறார். எட்ஜ் காலியாக இருந்ததால் சர்வரிடம் கேட்டது. சர்வரில் அப்போது இருந்தது பழைய படம். அதையே வாங்கி, `max-age=86400` சொன்னபடி இன்னும் 24 மணி நேரத்துக்குப் புதுசுபோல் வைத்துக்கொண்டது. சீக்கிரம் பர்ஜ் செய்தது, பர்ஜே செய்யாததைவிட மோசமாகப் போனது.

உடனே மறுபடி பர்ஜ் செய்தேன். நண்பனுக்குச் சரியானது, ஆனால் அந்த வாடிக்கையாளருக்கு இல்லை. `max-age=86400` என்பது எட்ஜுக்கு மட்டுமல்ல, அவர் போனில் இருக்கும் பிரவுசருக்கும் சொன்ன வார்த்தை. பர்ஜ் கட்டளை சிடிஎன்னோடு நின்றுவிடும், யாருடைய போனுக்குள்ளும் போகாது. அக்கா பேச்சை வளர்க்கவில்லை. அன்று டின் வாங்கிய 11 பேருக்கும் 50 கிராம் பொட்டலம் ஒன்று சேர்த்து அனுப்பினார். அந்தச் செலவு என் வரிசைப் பிழையால் வந்தது. அதனால்தான் இதை விடாமல் சரிசெய்தேன்.

முதலில் செய்தது வரிசையை மாற்றியது: ஏற்று, ஏறியதா என்று பார், பிறகு பர்ஜ் செய். ஓரளவு உதவியது. ஆனால் ஒருமுறை 800 அளவை மட்டும் பர்ஜ் பட்டியலில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். கணினியில் புது லேபிள், போனில் பழசு. ஒவ்வொரு முகவரியும் கேஷுக்குத் தனித்தனிப் பொருள். ஒன்றைத் துடைத்தால் அதன் தம்பிகள் துடைபடாது. பெயருக்குப் பின்னால் `?v=2` சேர்த்தும் பார்த்தேன். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கணக்கில் எடுக்காத அமைப்பில் எங்கள் சிடிஎன் இருந்ததால், அது பழைய படத்தையே நீட்டியது.

கடைசியில் படத்தின் பெயரையே மாற்றுவதற்கு வந்தேன். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகைபோல் ஒரு குறியீட்டை `sha256sum` கொண்டு எடுத்து, அதன் முதல் எட்டு எழுத்தைப் பெயரில் சேர்க்கிறோம்: `frost-tea-800.3f9a1c07.webp`. படம் ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறும், பெயர் மாறாவிட்டால் படமும் மாறவில்லை. அப்புறம் படங்களைப் பர்ஜ் செய்யத் தேவையே இல்லை. சர்வர் தன் பதிலோடு அனுப்பும் தலைப்புகள் இப்போது இப்படி:

```
/img/*      cache-control: public, max-age=31536000, immutable
/product/*  cache-control: public, max-age=0, s-maxage=600
```

படம் ஒரு வருடம் இருக்கலாம். பொருள் பக்கத்தைப் பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்கும், எட்ஜ் பத்து நிமிடம் வைத்திருக்கும். பர்ஜ் ஏதோ காரணத்தால் தவறினாலும் தப்பு பத்து நிமிடத்துக்கு மேல் நீளாது.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. புதுப் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லாதவரை யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. அதனால் படங்களை இரண்டு நாள் முன்பே, லைன் நன்றாக இருக்கும் பகல் நேரத்தில் ஏற்றிவிடலாம். மரம் விழுந்து கேபிள் அறுந்தாலும், இரவில் கரண்ட் போனாலும் கவலை இல்லை. நள்ளிரவில் மிச்சமிருப்பது சர்வரே செய்துகொள்ளும் சின்ன வேலை: புதுப் பக்கத்தை வெளியிடுவது, நேரே மூலச் சர்வரிடம் கேட்டு அதில் `3f9a1c07` இருக்கிறதா என்று தேடுவது, இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தைப் பர்ஜ் செய்வது. இல்லையென்றால் 20 நொடி பொறுத்து மறுபடி தேடுகிறது.

சோதனையை மூலச் சர்வரிடம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை படம் ஏறும் முன்பே அதன் முகவரியை சிடிஎன் வழியாகத் திறந்து பார்த்தேன். கோப்பு இல்லை என்று கிடைத்த 404 பதிலையும் எட்ஜ் சில நிமிடம் கேஷில் வைத்துக்கொண்டது. படம் ஏறிய பிறகும் அங்கே வெற்றுக் கட்டம்தான் தெரிந்தது.

பழைய படங்களை உடனே அழிப்பதில்லை. முதல் நாள் போன மின்னஞ்சலிலும், யாரோ திறந்து வைத்திருக்கும் பக்கத்திலும் பழைய பெயர்தான் இருக்கும். 30 நாள் கழித்தே எடுக்கிறோம், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிப்பதில்லை.

பெயரை மாற்றவே முடியாத மூன்று கோப்புகள் இன்னும் இருக்கின்றன. கடையின் லோகோ ஒன்று, வெளியே மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் ஒட்டியிருக்கும் முகவரிகளில் வரும் படங்கள் இரண்டு. அவற்றுக்கு மட்டும் `max-age=300` வைத்து, ஏற்றி முடித்த பிறகு கையால் பர்ஜ் செய்து, டெல்லி நண்பனிடம் `age` கேட்டு வாங்குகிறேன். அவன் சொல்லும் எண் சின்னதாகவும், `last-modified` அன்றைய தேதியாகவும் இருந்தால்தான் அக்காவுக்குப் போன் செய்கிறேன்.